இடைவெளியால் கட்டும் அட்டவணை

நாசாவின் இணையதளத்தில் ‘பிளானட்டரி ஃபேக்ட் ஷீட்’ என்றொரு பக்கம் இருக்கிறது. புதன் முதல் புளூட்டோ வரை, நடுவில் நம் நிலாவையும் சேர்த்து, ஒவ்வொன்றின் நிறை, விட்டம், வெப்பநிலை எல்லாம் ஒரே அட்டவணையில் கிடைக்கும். அதன் முதல் வரிசை நிறை. அலகு 10-இன் 24-ஆம் அடுக்கு கிலோகிராம். திரையில் அந்த 24 சிறியதாக, 10-இன் தோளில் ஏறி நிற்கும். அதை அப்படியே நகலெடுத்து வெறும் எழுத்து மின்னஞ்சலில் ஒட்டினால் 24 தோளிலிருந்து இறங்கிவிடும். மிஞ்சுவது 1024. பூமியின் நிறை 5.97 பெருக்கல் 1024 கிலோ, அதாவது ஆறு டன்னும் சொச்சமும். ஒரு லாரியில் ஏற்றிவிடலாம். தூர வரிசைக்கும் இதே கதிதான்: 10-இன் 6-ஆம் அடுக்கு கிலோமீட்டர் என்பது ‘106 கிலோமீட்டர்’ ஆகிவிட, சூரியனுக்கும் புதனுக்கும் இடையே ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் என்று கணக்கு வரும்.

கட்டம் போன அட்டவணை பார்க்க அலங்கோலமாக இருக்கும், அவ்வளவுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அலங்கோலம் கண்ணுக்குத் தெரியும், திருத்திவிடலாம். மேலே சொன்ன மாதிரியான தவறோ ஒழுங்கான எண்ணாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே வெறும் எழுத்து மின்னஞ்சலுக்கு ஓர் அட்டவணையை மாற்றும் வேலையில் பாதி அழகுக்கானது, மீதிப் பாதி பொருள் மாறாமல் காப்பதற்கானது.

வெறும் எழுத்து மின்னஞ்சல் என்றால் என்ன? தடித்த எழுத்து, நிறம், கட்டம், எழுத்தளவு எதுவும் அதில் பயணம் செய்யாது. எழுத்துகள், இடைவெளிகள், வரி முறிவுகள் மட்டுமே போய்ச்சேரும். இன்னும் யார் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்கலாம். லினக்ஸ் கெர்னலை உருவாக்குவோர் தங்கள் திருத்தங்களையும் சோதனை அளவுகளையும் இப்படித்தான் அனுப்பிக்கொள்கிறார்கள். அலங்கார வடிவில் வரும் கடிதத்தை அவர்களுடைய சர்வர் ஏற்பதே இல்லை. இப்படிப்பட்டவர்களின் திரையில் பெரும்பாலும் சம அகல எழுத்துரு இருக்கும். பழைய தட்டச்சுப் பொறியைப் போல i-க்கும் W-க்கும் ஒரே அகலம், இடைவெளிக்கும் அதே அகலம். அதனால் இடைவெளிகளை எண்ணி வைத்தாலே பத்திகள் நேராக நின்றுவிடும். அட்டவணையைக் கட்ட நம் கையில் இருக்கும் செங்கல் அந்த இடைவெளி ஒன்றுதான்.

நாசா அட்டவணையையே எடுத்து மாற்றிப் பார்ப்போம். முதலில் அகலம். மூலப் பக்கத்தில் கோள்கள் இடமிருந்து வலமாக, பத்துப் பத்திகளாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏழு எழுத்தும் இரண்டு இடைவெளியும் கொடுத்தால் 90. இடப்பக்கம் ‘சூரியனிலிருந்து தூரம்’ போன்ற வரிசைத் தலைப்புகளுக்கு, ஆங்கிலத்திலேயே இருபத்தைந்து எழுத்தாவது வேண்டும். மொத்தம் 110-ஐத் தாண்டிவிடும். மின்னஞ்சலுக்கான தர ஆவணமான ஆர்.எஃப்.சி. 5322, ஒரு வரி 78 எழுத்துக்குள் இருப்பது நல்லது என்கிறது. 998-ஐ எக்காரணத்தாலும் தாண்டக் கூடாது என்கிறது. ஜிமெயிலின் இணைய வடிவம் வெறும் எழுத்துக் கடிதத்தை 78 எழுத்துக்கு ஒருமுறை தானே வெட்டிவிடும். 110 எழுத்து வரியை அனுப்பினால் ஒவ்வொரு வரிசையும் இரண்டாக உடைந்து, நெப்டியூனின் எண் புதனுக்குக் கீழே போய் நிற்கும்.

அனுபவசாலிகள் 78 வரைகூடப் போவதில்லை, 72-இல் நிறுத்திக்கொள்கிறார்கள். பதில் எழுதுபவரின் மென்பொருள் பழைய கடிதத்தின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் `>` குறியும் ஓர் இடைவெளியும் சேர்க்கும். இரண்டு மூன்று முறை பதில் போய்வந்தால் ஆறு எழுத்து ஏறிவிடும். அந்த ஏற்றத்துக்கான இடம்தான் மிச்சம் வைக்கும் ஆறு.

ஆக, அட்டவணையைத் திருப்பிப் போட வேண்டும். கோள்கள் வரிசைகளாகட்டும், அளவுகள் பத்திகளாகட்டும். இருபது அளவுகளும் பத்திகளானால் மறுபடி அகலம் பெருகும் என்பதால், கடிதத்துக்குத் தேவையான நான்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: நிறை, விட்டம், சூரியனைச் சுற்றும் காலம், சராசரி வெப்பநிலை. நிலாவும் புளூட்டோவும் வேண்டாம். இப்படி வெட்டுவதற்குத் தயங்குபவர்கள்தான் படிக்க முடியாத அட்டவணைகளை அனுப்புகிறார்கள்.

அடுத்த சிக்கல் தமிழுக்கே உரியது. கோளின் பெயரை எங்கே வைப்பது? முதல் பத்தியில் வைப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். ஆங்கிலத்தில் அது சரிவரும், தமிழில் வராது. சம அகல எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துகளே இல்லை. கணினி அந்த இடத்தில் வேறொரு தமிழ் எழுத்துருவைக் கடன் வாங்கும். அதில் ‘ர’ ஒல்லி, ‘ணௌ’ பருமன். எத்தனை இடைவெளி சேர்த்தாலும் அடுத்த பத்தியின் விளிம்பு நேராக வராது.

நிரல் எழுதி இடைவெளி நிரப்பினாலும் இதே தொல்லைதான். ‘செவ்வாய்’ என்பதில் நாம் எண்ணுவது நான்கு எழுத்து. யூனிகோடு கணக்கில் அது எட்டு: ச, எகரக் குறி, வ, புள்ளி, மறுபடி வ, கால், ய, புள்ளி. பைத்தானில் `len("செவ்வாய்")` என்று கேட்டால் 8 என்றுதான் பதில் வரும். ‘புதன்’ நமக்கு மூன்று, கணினிக்கு ஐந்து. எட்டு என்று நம்பி இடைவெளி நிரப்பும் நிரலுக்கு, திரையில் அந்தச் சொல் உண்மையில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதே தெரியாது.

இதற்கு எளிய வழி, தமிழ்ச் சொற்களைக் கடைசிப் பத்திக்குத் தள்ளிவிடுவது. கடைசிப் பத்திக்கு வலப்பக்க விளிம்பு தேவையில்லை, எங்கே வேண்டுமானாலும் முடியலாம். அதற்கு முன்னால் இருப்பவை எல்லாம் எண்கள். எண்களும் புள்ளியும் கழித்தல் குறியும் எல்லாச் சம அகல எழுத்துருவிலும் உண்டு. பத்தித் தலைப்புகளுக்கும் இதே விதிதான்: தலைப்பு வரியில் தமிழை எழுதாமல் `(1)`, `(2)` என்று எண் கொடுத்துவிட்டு, அவை எதைக் குறிக்கின்றன என்பதை அட்டவணைக்கு மேலே சாதாரண வரிகளாக எழுதிவிடலாம். அலகையும் அங்கேயே சொல்லிவிட்டால், நான்கெழுத்து அகலப் பத்தியின் தலையில் நீளமான அலகைத் திணிக்க வேண்டியதில்லை. 10-இன் 24-ஆம் அடுக்கை `10^24` என்று எழுத வேண்டும். சந்தேகம் இருந்தால் பக்கத்தில் ‘1-க்குப் பின் 24 சுழி’ என்றும் சேர்க்கலாம்.

இனி எண்களை நிறுத்த வேண்டும். முழு எண்கள் வலப்பக்கம் ஒட்டி நிற்கட்டும் என்பது பலருக்கும் தெரிந்ததே. விட்டப் பத்தியில் நீளமான எண் வியாழனின் 142984, ஆறு இலக்கம். ஆகவே பத்தியின் அகலம் ஆறு. 4879-க்கு முன்னால் இரண்டு இடைவெளி. நிறைப் பத்தி கொஞ்சம் வேறு. அங்கே 0.330-உம் இருக்கிறது, 1898-உம் இருக்கிறது. இவற்றை வலப்பக்கம் ஒட்டினால் 0.330-இன் கடைசிச் சுழியும் 1898-இன் 8-உம் ஒரே நேர்கோட்டில் நிற்கும். சட்டென்று பார்க்கும் கண்ணுக்கு நீளமான எண்ணே பெரிய எண்ணாகத் தோன்றும். இங்கே நேராக நிற்க வேண்டியது தசமப் புள்ளி. புள்ளிக்கு முன்னால் அதிகபட்சம் நான்கு இலக்கம், புள்ளி ஒன்று, பின்னால் அதிகபட்சம் மூன்று, மொத்தம் எட்டு. 1898-க்குப் பின்னால் நான்கு இடைவெளி விட வேண்டும். அந்த இடத்தை `1898.000` என்று சுழியால் நிரப்பிவிடும் ஆசை வரும். அது தவறு. மூலத்தில் 1898 வரைதான் சொல்லியிருக்கிறார்கள்; மூன்று சுழி சேர்த்தால் அவர்கள் சொல்லாத துல்லியத்தை நாம் சொன்னதாகிவிடும். மறுபக்கம், 0.330-இன் கடைசிச் சுழி அவர்கள் சொன்னது. அதைத் தட்டிவிடவும் கூடாது.

நான்கு பத்திக்கும் அகலம் முறையே 8, 6, 7, 4. நடுவே மூன்று மூன்று இடைவெளி. ஒட்டிக் கூட்டினால் பெயர் 38-ஆவது இடத்தில் தொடங்கும். கடிதத்தில் இப்படி இருக்கும்:

```
(1) நிறை, 10^24 கிலோகிராமில்
(2) விட்டம், கிலோமீட்டரில்
(3) சூரியனைச் சுற்றும் காலம், நாட்களில்
(4) சராசரி வெப்பநிலை, செல்சியஸில்
(5) கோள்

     (1)      (2)       (3)    (4)   (5)
--------   ------   -------   ----   --------
   0.330     4879      88.0    167   புதன்
   4.87     12104     224.7    464   வெள்ளி
   5.97     12756     365.2     15   பூமி
   0.642     6792     687.0    -65   செவ்வாய்
1898       142984    4331     -110   வியாழன்
 568       120536   10747     -140   சனி
  86.8      51118   30589     -195   யுரேனஸ்
 102        49528   59800     -200   நெப்டியூன்
```

ஆயிரத்துக்கான காற்புள்ளி இதில் இல்லை என்பதைக் கவனிக்கலாம். நாசா 142,984 என்று போட்டிருக்கிறது. நம் வழக்கில் 1,42,984. இரண்டு வழக்கத்தையும் கலந்து படிக்கும் வாசகர்களிடம் போகும் அட்டவணையில் காற்புள்ளியை விட்டுவிடுவதே நிம்மதி. விட்டால் ஓர் எழுத்து மிச்சம் என்பது உபரி லாபம்.

பெயரைக் கடைசியில் வைத்ததற்கு இன்னொரு பயனும் உண்டு. நிறைப் பத்தி கடைசியில் இருந்திருந்தால் வியாழன் வரி நான்கு இடைவெளியோடு முடிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த வால் சில மின்னஞ்சல்களில் ஆபத்து. 2004-இல் வந்த ஆர்.எஃப்.சி. 3676 ஒரு முறையை வகுத்தது: கடிதத்தின் தலைப்புத் தகவலில் `format=flowed` என்று இருந்தால், இடைவெளியில் முடியும் வரி இன்னும் முடியவில்லை என்று பொருள், பெறும் மென்பொருள் அதை அடுத்த வரியோடு சேர்த்து ஓட்டிவிடலாம். சாதாரணப் பத்தி எழுத்துக்கு அது வசதி. அட்டவணைக்கோ, வியாழனும் சனியும் ஒரே வரியில் வந்துவிழும். எந்த அட்டவணையானாலும் வரிக்கடைசி இடைவெளிகளை அகற்றிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

இத்தனை இடைவெளியையும் கையால் தட்ட வேண்டுமா? எட்டு வரி என்றால் தட்டிவிடலாம். எண்பது வரி என்றால் எக்செல் அல்லது லிப்ரே ஆபீஸிடம் கொடுக்கலாம். விட்டம் `B2` கட்டத்தில் இருந்தால், அதை ஆறு எழுத்து அகலத்தில் வலப்பக்கம் ஒட்டவைக்கும் சூத்திரம் இது:

```
=RIGHT(REPT(" ",6)&B2,6)
```

எண்ணுக்கு முன்னால் ஆறு இடைவெளியை ஒட்டிவிட்டு, வலக்கோடியிலிருந்து ஆறு எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இப்படி ஒவ்வொரு பத்தியையும் செய்து, `&"   "&` கொண்டு ஒன்றோடொன்று கோத்தால் ஒரு வரிசை முழுவதும் ஒரே கட்டத்தில் சேர்ந்துவிடும். அந்தக் கட்டங்களை மட்டும் நகலெடுத்து ஒட்டலாம். தனித்தனிக் கட்டங்களாக நகலெடுத்தால் நடுவே இடைவெளிக்குப் பதில் டேப் வந்துவிடும். டேப்புக்கு நிலையான அகலம் கிடையாது. சில மென்பொருள் அதை எட்டின் மடங்குக்குத் தள்ளும், சில நான்கின் மடங்குக்கு. அனுப்பியவர் திரையில் நேராக இருந்தது பெற்றவர் திரையில் கோணலாவதற்கு வழக்கமான காரணம் இதுதான்.

அந்தச் சூத்திரத்தில் ஒரு பொறி இருக்கிறது. அகலத்தைத் தவறாக ஐந்து என்று கொடுத்துவிட்டால் அது எந்த எச்சரிக்கையும் தராது. வியாழனின் 142984-ஐ வலக்கோடியிலிருந்து ஐந்து எழுத்தாக வெட்டி 42984 என்று கொடுக்கும். பத்தி கச்சிதமாக நேர்கோட்டில் நிற்கும். வியாழனும் சனியும் யுரேனஸைவிடச் சிறுத்துப் போயிருக்கும். ஆகவே முதலில் `LEN` கொண்டு பத்தியின் நீளமான எண்ணைக் கண்டுபிடித்துவிட்டே அகலத்தைத் தீர்மானிக்க வேண்டும். தசம எண்களுக்கு வேறொரு கவனம்: எக்செல் 88.0 என்பதை 88 என்றும், 0.330 என்பதை 0.33 என்றும் சுருக்கிவைத்துக்கொள்ளும். ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை எழுத்து வடிவக் கட்டங்களாக மாற்றிக்கொண்டால் சுழி பிழைக்கும்.

இணையப் பக்கத்திலிருந்து எடுக்கும்போது கூடவே தொற்றிக்கொண்டு வரும் மாறுவேட எழுத்துகளும் உண்டு. அச்சுத் தரத்தில் வடிவமைத்த பக்கங்களில் கழித்தல் குறி விசைப்பலகையில் உள்ள சிறுகோடாக இருக்காது. யூனிகோடில் தனி எண் கொண்ட வேறு குறியாக இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. பெறுபவர் அந்த -65-ஐத் தன் விரிதாளில் ஒட்டிக் கூட்டிப் பார்த்தால்தான் அது எண்ணாகவே சேரவில்லை என்று தெரியும். இன்னொன்று முறியா இடைவெளி. சாதாரண இடைவெளி போலவே தோன்றும், தேடினால் அகப்படாது. இரண்டையும் நோட்பேடில் ஒட்டி, கண்டுபிடி-மாற்று வசதியால் சாதாரணக் குறிகளாக மாற்றிவிடலாம்: தப்பான குறியை ஒருமுறை நகலெடுத்துத் தேடும் பெட்டியில் ஒட்டினால் போதும்.

விவரம் இல்லாத கட்டத்தை வெறுமையாக விடக் கூடாது. கோடு போட்ட அட்டவணையில் வெற்றுக் கட்டம் ‘இல்லை’ என்று சொல்லும். இடைவெளியால் கட்டிய அட்டவணையில் வெறுமையும் இடைவெளியும் ஒன்றுதான். நாசா அட்டவணையில் மேற்பரப்பு அழுத்தம் என்ற வரிசையில் வியாழன், சனி போன்ற பெருங்கோள்களுக்கு எண் இல்லை. தெரியாது என்று ஆங்கிலத்தில் போட்டு நட்சத்திரக் குறி இட்டிருக்கிறார்கள். அந்தப் பத்தியை எடுத்தால் அங்கே ஒரு சிறுகோடாவது நிற்க வேண்டும். அது எதைக் குறிக்கிறது என்று மேலே உள்ள விளக்கத்தில் ஒரு வரியும் வேண்டும். ஆனால் ஒரு வரியில் இரண்டு சிறுகோடும் ஓர் இடைவெளியும் மட்டும் தனியே நிற்க விடக் கூடாது. மின்னஞ்சல் உலகில் அது ‘இதற்குக் கீழே கையொப்பம்’ என்பதற்கான அடையாளம். சில மென்பொருள் அதற்குக் கீழே இருப்பதை மங்கலாக்கும், பதில் எழுதும்போது வெட்டியும்விடும்.

அனுப்புவதற்கு முன் சோதனை இரண்டு. முதலில் தனக்கே அனுப்பிப் பார்ப்பது. பிறகு அந்தக் கடிதத்துக்குத் தானே பதில் எழுதி, `>` குறி ஏறிய பின்னும் வரிகள் உடையாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது. இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அட்டவணை சிதைவது பெரும்பாலும் அங்கேதான்.

இவ்வளவு செய்தும் காப்பாற்ற முடியாத இடங்கள் உண்டு. ஜிமெயில் வெறும் எழுத்துக் கடிதத்தையும் சம அகலம் இல்லாத எழுத்துருவில்தான் காட்டுகிறது. அங்கே எண்களின் அகலம் ஒன்றாகவே இருந்தாலும் இடைவெளி அவற்றைவிட ஒடுங்கியது என்பதால் பத்திகள் சாயும். கைபேசியின் குறுகிய திரையில் நாற்பத்தைந்து எழுத்து வரியே மடங்கிவிடக்கூடும். திரைவாசிப்பான் கொண்டு கேட்டுப் படிக்கும் பார்வையற்றவருக்கு இந்த அட்டவணை இன்னும் கடினம்: வரி வரியாக நான்கு எண்களைக் கேட்ட பிறகுதான் அது எந்தக் கோள் என்பதே காதில் விழும். நம் கண்ணுக்கு வசதியாகப் பெயரைக் கடைசிக்குத் தள்ளியது அவருக்குத் தொல்லையாகிறது. பெறுபவர் இவர்களில் ஒருவர் என்று தெரிந்தால் அட்டவணையே வேண்டாம். ‘செவ்வாய்: நிறை 0.642, விட்டம் 6792, சுற்றும் காலம் 687.0 நாள், வெப்பநிலை -65’ என்று கோளுக்கு ஒரு வரியாக எழுதிவிடுங்கள். பத்திகள் ஆறேழைத் தாண்டுகிறதா? மூலக் கோப்பை இணைப்பாக அனுப்பிவிட்டு, கடிதத்தில் அவர் முடிவெடுக்கத் தேவையான மூன்று நான்கு எண்களை மட்டும் வைத்தால் போதும்.